கோடி டிகிரியில் 273 எங்கே போகிறது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். நடுவில் எழுந்த கேள்விகளையும் கரும்பலகையில் போட்ட கணக்குகளில் சிலவற்றையும் சுருக்கியிருக்கிறேன்.)



சூரியன், கோள்கள் ஆகியவற்றின் வெப்பநிலை பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் மனதில் நிற்காது. அதனால், தமிழ்வழியில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் ஒரு குழப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சூரியப் பரப்பின் வெப்பநிலை ஒரு புத்தகத்தில் 5,500 என்று இருக்கிறது, இன்னொன்றில் 5,800, வேறொன்றில் 10,000. ஆனால் சூரியனின் மையத்துக்கு வந்தால் எல்லாப் புத்தகமும் ஒரே குரலில் ஒன்றரைக் கோடி என்கின்றன. சில புத்தகங்கள் அது செல்சியஸா கெல்வினா என்றுகூடச் சொல்வதில்லை. சின்ன எண்ணில் சண்டை போடுகிறவர்கள் பெரிய எண்ணில் எப்படி ஒத்துப்போகிறார்கள்?

எண் மிகப் பெரியதாக இருப்பதால் வித்தியாசம் தெரிவதில்லை என்பதுதான் வழக்கமான பதில். அது பாதி உண்மை. அந்த எண் நமக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதையும், அதை வைத்து அடுத்து என்ன கணக்குப் போடப் போகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், எந்த அளவுகோல் என்று கட்டாயம் சொல்ல வேண்டிய இடமும் சொல்லாமல் விடக்கூடிய இடமும் பிரியும். இன்று நான் நிறுவ முயல்வது இது ஒன்றைத்தான்.

1. தொடக்கம் வேறு, படி ஒன்று

செல்சியஸுக்கும் கெல்வினுக்கும் படியின் அளவு ஒன்றே. வெப்பநிலை செல்சியஸில் ஒரு டிகிரி ஏறினால் கெல்வினிலும் ஒன்றுதான் ஏறும். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில் மட்டும் வேறுபாடு. செல்சியஸ் பனிக்கட்டி உருகும் இடத்தில் தொடங்குகிறது. 1848-இல் வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்து கெல்வின் பிரபு, முன்வைத்த அளவுகோலின் வழிவந்த கெல்வின், இதற்குமேல் குளிர முடியாது என்ற தனிச்சுழியில் தொடங்குகிறது. இரண்டு தொடக்கங்களுக்கும் நடுவே 273.15 படிகள். K = C + 273.15 என்பது இவ்வளவுதான். எவ்வளவு உயரம் ஏறினாலும் இந்த இடைவெளி வளர்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை.

ஆனைமுடியின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 2,695 மீட்டர். மூணாறு பேருந்து நிலையத்திலிருந்து அளந்தால் அதில் பாதிக்கும் குறைவாக வரும். எங்கிருந்து அளந்தீர்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை வாங்கிக்கொள்ள முடியாது. நிலவின் தூரம் சுமார் 3,84,000 கிலோமீட்டர் என்று சொல்லும்போது, கடல்மட்டத்திலிருந்தா மூணாற்றிலிருந்தா என்று யாரும் கேட்பதில்லை. எண் பெரியது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. நிலவு ஒவ்வொரு மாதமும் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நெருங்கி விலகுகிறது. எண்ணிலேயே அவ்வளவு தளர்வு இருக்கும்போது ஒன்றரைக் கிலோமீட்டர் மலைக்கு அதில் இடமில்லை. ஆனால் அதே நிலவில் விட்டுவந்த கண்ணாடியில் லேசர் கதிரைப் பட்டுத் திரும்பச் செய்து, அந்த நொடியின் தூரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அவர்களுக்கு எந்த மலையில் நிற்கிறோம் என்பது உயிர்நாடி. இரண்டு பேருக்கும் நிலவு ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். துல்லியம்தான் வேறு.

இனி வெப்பநிலைக்கு வருவோம். பாலக்காடும் மூணாறும் சேர்ந்த இந்த எல்லைப்புறம் அதற்கு வசதியான இடம். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுச் சமவெளி 41 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. ஜனவரியில் மூணாறு எஸ்டேட்டுகளில் சுழியைத் தொட்டு உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். 41-ஐ 0-ஆல் வகுத்தால் விடையே கிடையாது. கெல்வினில் எழுதினால் 314-க்கு 273. பாலக்காட்டுப் பாறை மூணாற்றுப் புல்லைவிட 1.15 மடங்குதான் வெப்பமானது. ஒரு பொருள் தன் பரப்பிலிருந்து வெளிவிடும் கதிர்வீச்சு அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்காக ஏறும் என்பது ஸ்டெஃபான் விதி. 1.15-ஐ நான்கு முறை பெருக்கினால் 1.75. ஒரு சதுர மீட்டர் பாலக்காட்டுப் பாறை, உறைபனி மூடிய ஒரு சதுர மீட்டர் புல்லைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு கதிர்வீசுகிறது. இந்தக் கேள்விக்குச் செல்சியஸில் விடை எழுதவே முடியாது. நாம் வாழும் வெப்பநிலைகளில் 273 என்பது மொத்த எண்ணில் பத்தில் ஒன்பது பங்கு.

2. சூரியப் பரப்பு: 273 ஆட்டத்தில் இருக்கும் இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சூரியனின் வெப்பநிலை என்ன என்று கேட்டிருந்தால், ஆளுக்கொரு பதில் கிடைத்திருக்கும். பிரான்சின் பூயே சூரிய வெப்பத்தைக் கவனமாகவே அளந்தார். ஆனால் அன்று வழக்கிலிருந்த டூலாங்-பெட்டி விதியைப் பயன்படுத்தியதால் அவருக்கு 1,800-க்கும் குறைவாகவே வந்தது. நியூட்டனின் குளிர்தல் விதியை வைத்துக் கணக்கிட்டவர்கள் கோடி டிகிரிக்குப் போனார்கள். அளந்த வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை வெப்பநிலையாக மாற்றும் விதி பிழையானது. விடை ஆயிரத்துக்கும் கோடிக்கும் இடையே ஊசலாடும்போது செல்சியஸா கெல்வினா என்பது கேள்வியே இல்லை. அந்த நாளில் சூரியப் பரப்பும் அளவுகோல் சொல்லத் தேவையில்லாத பொருளாகத்தான் இருந்தது!

1879-இல் வியன்னாவில் யோசஃப் ஸ்டெஃபான் இதை மாற்றினார். ஜெனிவாவைச் சேர்ந்த சோரே ஏற்கனவே ஓர் அளவீடு செய்திருந்தார். பழுக்கக் காய்ச்சிய உலோகத் தகடு ஒன்றை, வானத்தில் சூரியன் தெரியும் அதே அளவில் தெரியும்படி நிறுத்தி, இரண்டிலிருந்தும் வரும் வெப்பத்தை ஒப்பிட்டார். சூரியனிடமிருந்து வந்தது 29 மடங்கு. தகட்டின் வெப்பநிலை 1,900-க்கும் 2,000 டிகிரி செல்சியஸுக்கும் இடையே இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார். சூரிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுமண்டலம் உறிஞ்சிவிடுகிறது என்று ஸ்டெஃபான் வைத்துக்கொண்டார். அப்படியானால் உண்மையான விகிதம் 29-இன் ஒன்றரை மடங்கு, 43.5. அதன் நான்காம் மூலம் 2.57. தகட்டைப்போல் சூரியன் 2.57 மடங்கு வெப்பமானது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எதன் 2.57 மடங்கு? தகடு 1,950 டிகிரி செல்சியஸ் என்று நடுவாக எடுத்துக்கொண்டால் அது 2,223 கெல்வின். 2.57-ஆல் பெருக்கினால் சுமார் 5,710 கெல்வின். 273-ஐக் கழித்தால் சுமார் 5,440 டிகிரி செல்சியஸ். ஸ்டெஃபான் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். இதையே ஒரு மாணவர் அவசரத்தில் 1,950-ஐ அப்படியே 2.57-ஆல் பெருக்கினால் 5,010 டிகிரி செல்சியஸ் வரும். சுமார் 430 டிகிரி குறைவு. விட்டது 273, இழந்தது 430. நடுவில் ஒரு பெருக்கல் வந்ததால் விட்டுப்போன 273-உம் சேர்ந்து பெருகிவிட்டது. தகட்டின் வெப்பநிலையில் இருந்த ஐயமோ நடுவிலிருந்து மேலும் கீழும் 50 டிகிரி. அது விடையில் ஏறத்தாழ 130 டிகிரியாக வரும். அளவுகோலைப் புறக்கணித்ததால் வந்த பிழை, சோதனையில் இருந்த தடுமாற்றத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரியது. இந்த இடத்தில் அளவுகோலை மறந்தால் மன்னிப்பில்லை.

இன்று இதே கணக்கைத் தகடே இல்லாமல் நீங்கள் போடலாம். பூமியருகே, காற்றுமண்டலத்துக்கு வெளியே, ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் 1,361 வாட். சூரியனின் ஆரத்தைப்போல் 215 மடங்கு தொலைவில் நாம் இருக்கிறோம். 215-இன் வர்க்கத்தால் 1,361-ஐப் பெருக்கினால், சூரியப் பரப்பில் ஒரு சதுர மீட்டரிலிருந்து புறப்படும் ஆற்றல் கிடைக்கும். அது சுமார் 6 கோடியே 29 லட்சம் வாட். ஸ்டெஃபான் மாறிலியான 5.67 × 10⁻⁸-ஆல் வகுத்து, கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். 5,770 கெல்வினை ஒட்டி நிற்கும். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2015-இல் ஏற்றுக்கொண்ட பெயரளவு மதிப்பு 5,772 கெல்வின். செல்சியஸில் அது 5,499.

பாடப்புத்தகங்களின் 5,500-உம் 5,800-உம் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிந்திருக்கும். இரண்டுமே சரி. ஒன்று செல்சியஸில் முழுமையாக்கியது, மற்றது கெல்வினில் முழுமையாக்கியது. 6,000 என்பது இன்னும் தாராளமாக முழுமையாக்கிய பழைய வழக்கம். கேடு எப்போது வருகிறது என்றால், 5,800 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் செல்சியஸ் குறியைப் போடும்போது. சில டிகிரிக்குள் தெரிந்த ஓர் எண்ணில் முந்நூறு டிகிரிப் பிழையை அது புகுத்துகிறது.

மூணாற்றுக்குக் கிழக்கே, டாப் ஸ்டேஷன் தாண்டிய அதே மலைத்தொடரில் இருக்கிறது கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-இல் நிறுவப்பட்டது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே ஒரு சூரியப்புள்ளியின் நிறமாலையை எடுத்து, புள்ளியின் புறநிழல் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. அந்தக் கரும்புள்ளிகளையும் நம் அளவையில் வைத்துப் பார்ப்போம். ஒரு பெரிய புள்ளியின் நடுப்பகுதி 4,000 கெல்வின் என்று கொள்ளுங்கள். சுற்றியுள்ள பரப்பு 5,772. விகிதத்தின் நான்காம் அடுக்கு 0.23. அந்தக் கறுப்பு இடம்கூடச் சுற்றியுள்ள பரப்பின் ஒளியில் 23 விழுக்காட்டை வீசுகிறது. அதைத் தனியே எடுத்து இரவு வானில் வைத்தால் கண் கூசும். இதே கணக்கைத் தவறாகச் செல்சியஸில் போட்டால் 21 விழுக்காடு வரும். பாலக்காட்டுக்கும் மூணாற்றுக்கும் விடையே கிடைக்காமல் போன அதே தவறு, இங்கே இரண்டு விழுக்காட்டுப் பிழையாகச் சுருங்கிவிட்டது. எண் பெரிதாவதன் பலன் இது. ஆனால் இன்னும் முழுதாக மறையவில்லை.

3. கோள்கள்: அலுமினியம் உருகுமா?

கோள்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வெள்ளியின் தரை 737 கெல்வின், அதாவது 464 டிகிரி செல்சியஸ். 1970 டிசம்பரில் இறங்கிய சோவியத்தின் வெனேரா 7, தரை வெப்பநிலை 475 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதாகச் செய்தி அனுப்பியது. 1982-இல் வெனேரா 13 இறங்கிய இடத்தில் 457. அந்தச் சுட்டெரிக்கும் தரையில் அது 127 நிமிடம் உயிரோடிருந்தது. மலை உச்சிகளில் வெப்பநிலை இதைவிட எண்பது டிகிரி அளவுக்குக் குறைந்திருக்கும். ஆக, இந்த எண்ணில் உள்ள தளர்வு பத்து, இருபது, உயரத்தைச் சேர்த்தால் எண்பது டிகிரி. 273-ஐ விழுங்கும் அளவுக்கு அது பெரியதில்லை.

குறியை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். துத்தநாகம் 420, அலுமினியம் 660. 464 டிகிரி செல்சியஸ் என்றால் வெள்ளியின் தரையில் ஈயமும் துத்தநாகமும் உருகி ஓடும், அலுமினியம் தாக்குப்பிடிக்கும். 737 என்ற எண்ணைச் செல்சியஸ் என்று வாசித்துவிட்டால் அலுமினியமும் உருகிவிடும். எந்த உலோகத்தில் கருவி செய்யலாம் என்று தீர்மானிக்கும் பொறியாளருக்கு இது வெறும் குறி மாற்றம் இல்லை.

மறுமுனையில் நெப்டியூன். அதன் மேகமண்டலத்தில், நம் கடல்மட்டக் காற்றழுத்தம் நிலவும் உயரத்தில், வெப்பநிலை 72 கெல்வின். செல்சியஸில் கழித்தல் 201. இங்கே இரண்டு அளவுகோல்களுக்கும் எண்ணில் மட்டுமல்ல, கூட்டல் கழித்தல் குறியிலேயே ஒப்புமை இல்லை. சூரியனிலிருந்து நம்மைப்போல் 30 மடங்கு தொலைவு. ஒளி 900-இல் ஒரு பங்காகக் குறைகிறது. வெப்பநிலையோ தொலைவின் வர்க்கமூலப்படிதான் குறையும், ஐந்தரைப் பங்கில் ஒன்றாக. சூரிய ஒளி முழுவதையும் உறிஞ்சும் கரும்பொருள் ஒன்று பூமியின் தொலைவில் 278 கெல்வினில் நிற்கும் என்றால், நெப்டியூனின் தொலைவில் அது 51 கெல்வினில் நிற்கும். நெப்டியூனோ தன் மேல்விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி எறிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் மொத்தக் கோளாக அது 59 கெல்வினுக்கு உரிய கதிர்வீச்சை வெளிவிடுகிறது. வாங்குவதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கொடுக்கிறது என்றால் உள்ளே சொந்த வெப்பம் இருக்க வேண்டும். இந்த முடிவுக்கு வர அந்த எட்டு கெல்வின் வித்தியாசமே போதும். குளிர்ந்த கோள்களில் ஒரு டிகிரியின் மதிப்பு அவ்வளவு.

4. ஃபாரன்ஹீட் கரைவதில்லை

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மேலே போகப் போக எல்லா அளவுகோல்களும் ஒன்றாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. F = 1.8C + 32 என்ற சூத்திரத்தில் கரைவது கடைசியில் நிற்கும் 32 மட்டும்தான். முன்னால் நிற்கும் 1.8 பெருக்கல். அது கோடியிலும் 1.8 தான். 5,772 கெல்வின் ஃபாரன்ஹீட்டில் 9,930. தொடக்கத்தில் சொன்ன 10,000 அமெரிக்கப் புத்தகம் வழியாக வந்த எண். சூரிய மையம் ஒன்றரைக் கோடி டிகிரி செல்சியஸ் என்றால் ஃபாரன்ஹீட்டில் இரண்டு கோடியே எழுபது லட்சம். சூரியப் பரப்புக்குப் பத்தாயிரம் என்றும் மையத்துக்கு ஒன்றரைக் கோடி என்றும் ஒரே பக்கத்தில் கண்டால், எழுதியவர் இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று அறியலாம்.

இன்னொரு வகைப் பிழை கணினிக் காலத்தது. ஒன்றரைக் கோடியைச் சூத்திரத்தில் போட்டு 1,50,00,273 கெல்வின் என்றும் 2,70,00,032 ஃபாரன்ஹீட் என்றும் அப்படியே எழுதிவிடுவது. பார்க்கத் துல்லியமாக இருக்கும். மூல எண்ணில் லட்சத்தின் இடமே உறுதியில்லை. அதன் வாலில் வந்து நிற்கும் 273-க்கும் 32-க்கும் யாரும் பொறுப்பேற்க முடியாது. வட்டமான ஒரு பெரிய எண்ணின் கடைசியில் 273 அல்லது 32 தொங்கினால், அது அளவீடு இல்லை, கூட்டல் என்று புரிந்துகொள்ளுங்கள்.

5. கரோனா: இலக்கம் நிற்காத இடம்

1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் நம் மலபார்க் கரையில் ஏறி, நீலகிரி வழியாகக் கிழக்கே போய் யாழ்ப்பாணத்தைக் கடந்தது. நார்மன் லாக்யர் பேக்கல் கோட்டையில் தொலைநோக்கியை நிறுத்தினார். ஃபிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் நீலகிரியில் சோலூரில் முகாமிட்டார். அவர்கள் பார்க்க வந்தது, கிரகணத்தின்போது மட்டும் நிலவைச் சுற்றித் தெரியும் வெண்ணிற ஒளிவட்டமான கரோனாவை. அதன் நிறமாலையில் ஒரு பச்சைக் கோடு இருப்பதை 1869 கிரகணத்திலேயே கண்டிருந்தார்கள். பூமியில் தெரிந்த எந்தத் தனிமமும் அந்தக் கோட்டைத் தரவில்லை. கரோனியம் என்று ஒரு புதுத் தனிமத்துக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

முடிச்சு அவிழ எழுபது ஆண்டுகள் ஆயின. நடுவில், 1920-இல், மேக்நாத் சாஹா ஒரு வழியைத் திறந்தார். வெப்பநிலை ஏற ஏற அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. எந்த அணு எத்தனை எலெக்ட்ரான்களை இழந்திருக்கிறது என்று நிறமாலையில் படித்தால், அதிலிருந்து வெப்பநிலையை மீட்கலாம். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் குரோட்ரியன் காட்டிய வழியில் ஸ்வீடனின் எட்லென் அந்தப் பச்சைக் கோட்டை அடையாளம் கண்டார். புதுத் தனிமம் எதுவும் இல்லை, வெறும் இரும்பு. ஆனால் 26 எலெக்ட்ரான்களில் 13-ஐ இழந்த இரும்பு. கரோனாவின் அடர்த்தி மிகக் குறைவு என்பதால் சாஹாவின் சமன்பாட்டை அப்படியே போட முடியாது, கணக்கைத் திருத்திப் போட வேண்டும். எப்படிப் போட்டாலும் அந்த நிலைக்கு இரும்பைக் கொண்டுவர இருபது லட்சம் கெல்வின் அளவில் வேண்டும்.

இருபது லட்சம் கெல்வினா, செல்சியஸா? இங்கே கேள்வி தானாகவே உதிர்ந்துவிடுகிறது. கரோனாவில் ஒரே வெப்பநிலை கிடையாது. அமைதியான துருவப் பகுதிகளில் பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கும். கரும்புள்ளிகளுக்கு மேலே முப்பது லட்சம். சூரியச் சுடர் ஒன்று வெடித்தால் சில நிமிடங்களுக்குக் கோடியைத் தாண்டும். ஒரே இடத்திலேயே எலெக்ட்ரான்களுக்கு ஒரு வெப்பநிலையும் அயனிகளுக்கு வேறொன்றும் இருக்கும், ஏனென்றால் அவை ஒன்றோடொன்று மோதிச் சமநிலைக்கு வரும் அளவுக்கு நெருக்கமாக இல்லை. பதினெட்டா இருபதா என்ற இரண்டு லட்சம் டிகிரித் தகராறு தீராத இடத்தில் 273-ஐப் பேசுவது வீண்.

ஒரு மாணவி கேட்டார்: பார்க்கர் விண்கலம் அதற்குள் போகிறதே, உருகிவிடாதா? நல்ல கேள்வி. 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கியது. சுற்றிலும் லட்சக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள துகள்கள். ஆனால் கரோனாவின் அடிப்பகுதியிலேயே துகள் நெருக்கம் நம் காற்றைவிட ஆயிரம் கோடி மடங்குக்கு மேல் குறைவு, அந்த உயரத்தில் இன்னும் குறைவு. ஒவ்வொரு துகளும் கொதிக்கிறது, ஆனால் வந்து மோதுகிறவை மிகச் சில. கலத்தைச் சுடுவது பெரும்பாலும் கரோனா இல்லை, கீழே 5,772 கெல்வினில் எரியும் பரப்பின் ஒளி. அதன் முன்புறக் கார்பன் கேடயம் சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் தாங்கும்படி கட்டப்பட்டது. கேடயம் செய்தவருக்கு 1,400-இல் 273 முழுக் கனத்தோடு நிற்கிறது. அதே கலத்தைச் சூழ்ந்த கரோனாவை அளப்பவருக்கு அந்த 273 கண்ணிலேயே படாது. ஒரே கலம், ஒரே நொடி.

6. மையம்: நியூட்ரினோ தரும் சாட்சி

சூரிய மையம் 1.57 கோடி கெல்வின் என்கிறோம். அங்கிருந்து ஒளி நேராக வருவதில்லை, பரப்பை எட்டவே பல்லாயிரம் ஆண்டுகள் அலைகிறது. பிறகு எப்படித் தெரியும்? நேராக வரும் ஒரே சாட்சி நியூட்ரினோ. மையத்தில் நடக்கும் அணுப்பிணைவின் ஒரு சிறு கிளையில் போரான்-8 என்ற அணுக்கரு உண்டாகிச் சிதைந்து நியூட்ரினோவை விடுகிறது. இந்தக் கிளை வெப்பநிலைக்கு அளவுகடந்து கூருணர்வு உடையது. ஏறத்தாழ வெப்பநிலையின் இருபத்தைந்தாம் அடுக்காக அது ஏறுகிறது. மையத்தின் வெப்பநிலை ஒரு விழுக்காடு கூடினால் போதும், போரான்-8 நியூட்ரினோக்கள் 28 விழுக்காடு பெருகிவிடும். கனடாவின் சட்பரி சுரங்கத்தில் இருந்த கண்டுணர்வியில் எண்ணியபோது, பூமியில் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியாக நொடிக்குச் சுமார் ஐம்பது லட்சம் போரான்-8 நியூட்ரினோக்கள் கடப்பது தெரிந்தது. சூரிய மாதிரிகள் சொன்னதோடு இது பொருந்தியது.

போடிமெட்டு, பூப்பாறை பக்கத்து மாணவர்களுக்குத் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தின் பெயர் பழக்கமாக இருக்கும். மதிகெட்டான் சோலைக்கு அருகே அங்கே திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் சூரிய மையத்தை அளப்பதற்காக இல்லை. காற்றுமண்டலத்தில் உண்டாகும், ஆற்றல் மிகுந்த நியூட்ரினோக்களுக்கான இரும்புக் கருவி அது. சூரிய நியூட்ரினோக்களுக்கு அந்த இரும்பில் தடம் பதிக்கும் ஆற்றல் கிடையாது. இரண்டையும் குழப்பிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அதனால் சொன்னேன்.

திரும்பி வருவோம். கூருணர்வு இவ்வளவு இருப்பதால் மையத்தின் வெப்பநிலை ஒரு விழுக்காட்டுக்குள் பிடிபட்டிருக்கிறது. 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், கண்ணுக்கே தெரியாத ஓர் இடத்தைப் பற்றி இது அசாத்தியமான துல்லியம். ஆனாலும் அந்த ஒரு விழுக்காடு என்பது 1,57,000 டிகிரி. 273 அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. மையத்தின் எண்ணில் செல்சியஸ் என்றோ கெல்வின் என்றோ எழுதாமல் விட்ட புத்தகத்தை இந்த ஓர் இடத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்நூறு மடங்கு துல்லியம் கூடிய ஒரு முறையை நாளை யாராவது கண்டுபிடித்தால், அன்றே அந்தக் குறியைப் போட்டாக வேண்டும்.

அணுப்பிணைவைக் கணக்கிடுகிறவர்கள் இரண்டு அளவுகோலையும் விட்டுவிட்டு, ஒரு துகளின் வெப்ப ஆற்றலை நேரே எலெக்ட்ரான் வோல்ட்டில் எழுதுகிறார்கள். அந்த அளவும் தனிச்சுழியிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் சூரிய மையம் சுமார் 1,350 எலெக்ட்ரான் வோல்ட். சூரியப் பரப்பு அரை எலெக்ட்ரான் வோல்ட். மூணாற்றில் உறைபனி விழும் 273 கெல்வின் 0.024.